பிரிஞ்ச நண்பர்கள் மறுபடி சேரும் காட்சி: எழுதிப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

காரிமங்கலத்தான்

நானே ஆரம்பிக்கிறேன். என் கதையில் மாதையன், கோவிந்தன்னு ரெண்டு பேர். சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பைப் பூ விடும்போதே கூட்டாக் குத்தகைக்கு எடுக்கிறாங்க. எல்லாம் பெங்களூரா மரம், கூழ் ஃபேக்டரிக்குப் போற காய். மாதையன் போட்ட பங்கு அவன் பெண்டாட்டியோட ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வெச்ச பணம். காய் இறக்கும்போது கோவிந்தன் தன் பேர்ல தனியா லோடு அனுப்பிக் காசை வாங்கிக்கிறான். "இந்த வருஷம் விலை விழுந்துடுச்சு, போட்டது வந்தாலே பெருசு"ன்னு சொல்றான். வரத்து கூடினா விலை விழறது நம்ம ஊர்ல புதுசில்லையே, மாதையனும் நம்பிடறான். அப்புறம் வே பிரிட்ஜ் சீட்டு ஒண்ணு டிரைவர் மூலமா அவன் கைக்கு வருது. எட்டு வருஷம் பேச்சு இல்லை.

இவங்களைச் சேர்க்கணும். சாவு வீடு, ஆஸ்பத்திரிப் படுக்கை ரெண்டும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அங்கெல்லாம் பகையை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஊரே நெருக்கும், அந்த ஆளா முடிவெடுக்க இடம் இருக்காது. எனக்கு வழி விட்டது மொய் நோட்டு.

கோவிந்தன் கல்யாணத்துக்கு மாதையன் 501 எழுதியிருக்கான். இப்ப மாதையன் பொண்ணுக்குக் கல்யாணம். கோவிந்தனுக்குப் பத்திரிகை வரலை. ஆனா வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யலைன்னா ஊர் சும்மா இருக்குமா? அதனால அவன் மண்டபத்துக்கு வர மன்னிப்புங்கிற காரணமே தேவைப்படலை. மொய் எழுதறவர் ஊர், பேர் கேட்டுட்டு "பழசு எவ்வளவு?"ன்னு கேட்கிறார். வெறும் 501 வெச்சா கணக்கு தீர்ந்தது, உறவும் தீர்ந்தது. பத்தாயிரம் வெச்சா திருடின காசை மொய்யில கழிக்கிற மாதிரி ஆயிடும். "பழசு 501, புதுசு 500"னு சொல்றான். அந்தப் புதுசு, மாதையன் தலையில ஏறுற கடன். கோவிந்தன் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு அவன் போய்த் திருப்பணும், இல்லை யார் கையிலயாவது கொடுத்தனுப்பிட்டு ஒதுங்கணும். அதுவரைக்கும் அவன் எதுவும் சொல்லத் தேவையில்லை. காட்சியில பேசினது மொய் எழுதறவர் மட்டும்தான்.

குத்தகைக் காசு அப்படியே நிக்குது. அதை மொய்யோட கலக்கலை. மூணு மாசம் கழிச்சு கோவிந்தன் கொஞ்சம் பணமும் பழைய வே பிரிட்ஜ் சீட்டுகளும் கொண்டு வரான். மாதையனுக்குத் தெரிஞ்சது ஒரு லோடு. சீட்டு மூணு இருக்கு. தெரியாத ரெண்டு லோடையும் தானாவே காட்டிட்டான். அதைப் பார்த்ததும் மாதையனுக்குக் கோபம் இன்னும் ஏறுது, பணத்தை எடுத்துக்கிட்டு "போகலாம்"னு சொல்லிடறான். கதையில எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்.

அரூர் டீச்சர்

அந்த மூணு சீட்டு நல்லா இருக்கு. மன்னிப்புக் கேட்கிற வசனத்தை எடுத்தா அந்த இடத்துல என்ன வைக்கிறதுன்னுதான் எழுதறவங்க திணறுவாங்க. செஞ்சவன் தனக்கு நஷ்டம் வர்ற ஒரு காரியத்தைச் செய்யணும், அதுவும் மாட்டிக்காத விஷயத்துல. "தப்புப் பண்ணிட்டேன்"னு சொல்ல அவனுக்கு ஒண்ணும் செலவில்லை.

பேச்சு விஷயத்துல ஒண்ணு. ரெண்டு பேரும் வாடா போடான்னு பழகினவங்க. எட்டு வருஷம் கழிச்சு 'நீ'ன்னும் கூப்பிட முடியாது, 'நீங்க'ன்னு சொன்னா குத்திக் காட்டற மாதிரி. ஆளைச் சொல்லாமலே பேச நமக்கு வழி இருக்கு. "சாப்பிட்டாச்சா?", "எப்ப வந்தது?", "வண்டி எங்க நிக்குது?" நீங்க எழுதின "போகலாம்" அந்த வகைதான். பக்கக் கணக்கா அப்படியே ஓட்டுங்க. ஒரு இடத்துல மட்டும் 'டா' வரட்டும், ஆனா பாசத்துல வேண்டாம். ரெண்டு பேரும் காய்க் கிரேடு தூக்கறாங்க, ஒரு பக்கம் சாயுது, "அட, அந்தப் பக்கம் புடிடா!" அவ்வளவுதான். அதை யாரும் கவனிச்ச மாதிரியும் எழுதாதீங்க. கோவிந்தன் கண் கலங்கினான்னு போட்டீங்கன்னா போச்சு.

ஓசூர் ஷிப்ட்காரன்

என் ஃபார்முலா சிம்பிள். பேச்சே கூடாது. கே.ஆர்.பி. டேம் மேல ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, தண்ணியைப் பார்க்க விட்டு, ஒருத்தன் பீடியை நீட்டினா இன்னொருத்தன் வாங்கிக்கிறான். முடிஞ்சது. படிக்கிறவன் புரிஞ்சுக்குவான்.

அரூர் டீச்சர்

பாதி சரி தம்பி. வசனம் இல்லை, ஆனா அந்த பீடி ஒரு பக்க வசனத்தைச் சொல்லிடுதே. வாங்கின நிமிஷத்துலயே மன்னிச்சாச்சு. அதுக்கு அழுதுட்டே போகலாம். தண்ணியைப் பார்த்து நிக்கிற ஆளுங்க நிஜத்துல சும்மாவா இருப்பாங்க? எத்தனை மதகு திறந்திருக்கு, இந்த வருஷம் காய் எப்படி, இதெல்லாம் பேசுவாங்க. பேச விடுங்க, அந்த விஷயத்தை மட்டும் தொடாம. ஒருத்தன் "சந்தூர்ல"ன்னு வாயெடுத்து, பாதியில "போச்சம்பள்ளி சந்தையில"ன்னு மாத்திக்கட்டும்.

தக்காளி மண்டி

எனக்கும் இதே கதைதாங்க. ராயக்கோட்டையில லோடு ஏத்தி விட்டவன் என் கூட்டாளி, சின்ன வயசுப் பழக்கம். கமிஷன்ல கை வெச்சுட்டான். இப்ப அவன் தங்கச்சி பையனுக்குக் கல்யாணம், எனக்குப் பத்திரிகை வந்திருக்கு. நான் மொய்க்குப் போகட்டுமா வேண்டாமா? நடுவுல பேச ஆரம்பிச்சுட்டோம், அது வேற. ஒண்ணா டீ குடிக்கிறோம், சிரிக்கிறோம். ஆனா அவன் கிரேடு எண்ணிட்டு "நாப்பது"ன்னு சொன்னா நான் ஒருதரம் எண்ணிக்கிறேன். அவனும் பார்த்துட்டுத்தான் நிப்பான். ஒண்ணும் சொல்றதில்லை.

காரிமங்கலத்தான்

அண்ணே, நாங்க கதை எழுதறதைப் பேசிட்டு இருக்கோம். ஆனா அந்த எண்ணிக்கிறதை எடுத்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. என் கடைசிக் காட்சியில மறுபடி ஒரு சின்னத் தோப்பு எடுக்கிறாங்க. வே பிரிட்ஜ் சீட்டு மாதையன் பேர்ல. ஒவ்வொரு லோடுக்கும் அவன் வண்டியிலயே போறான். கோவிந்தன் டிரைவர் பக்கத்து சீட்டைக் காலி பண்ணி வெக்கிறான். சேர்ந்துட்டாங்களான்னா சேர்ந்துட்டாங்க. நம்பிக்கை வந்துச்சான்னா, இல்லை.

பாலக்கோடு செல்வி

எல்லாரும் ரெண்டு ஆம்பளைங்களையே பேசறீங்க. சங்கிலி யாரோடது? அந்தம்மா எங்கே? மாதையன் மன்னிச்சாலும் அது அவ பொருள். அவளைக் கேட்காம அவன் மன்னிக்கிறதே இன்னொரு துரோகம் இல்லையா?

காரிமங்கலத்தான்

மண்டபத்துல அவ இருக்கா. கோவிந்தன் பந்தியில உட்கார்றான், அவ அந்த வரிசைக்கு மட்டும் வரலை, வேற ஆள் சாம்பார் ஊத்தறாங்க. கடைசிவரைக்கும் அவகூட பேச்சு இல்லை. அடகை மீட்டுக் கொடுத்தா பேசுவாளான்னு ஒரு காட்சி எழுதி வெச்சிருக்கேன், சேர்க்கலாமா தெரியலை.

பாலக்கோடு செல்வி

சேர்க்காதீங்க. எட்டு வருஷத்துல அது ஏலத்துல போயிருக்கும்.

அரூர் டீச்சர்

நான் சேர்ப்பேன். புதுச் சங்கிலி வாங்கித் தரட்டும், அவ பீரோவுல வெக்கட்டும். கழுத்துல போட வேண்டாம்.

பாலக்கோடு செல்வி

அது உங்க கதை டீச்சர். என் கதைன்னா வாங்கவே மாட்டா.

தக்காளி மண்டி

கல்யாணம் வர்ற ஞாயித்துக்கிழமைங்க. போறதா வேண்டாமான்னு யாரும் சொல்லலையே.