ட்ரெயின் வாஷரை ஆண்டுக்கு ஒரு முறை எண்ணினால் போதுமா?

பேரேடு வேறொரு இழையில் எழுதியது: «இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் 1,240 உருப்படிகளையும் ஒரே மாதிரி எண்ணுவது வீண் வேலை. ஓராண்டு விற்பனை மதிப்பின்படி வரிசைப்படுத்தி, மேலே வரும் 130 உருப்படிகளை மாதந்தோறும் எண்ணுங்கள். ட்ரெயின் வாஷர் போன்றவற்றை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.»

நாலாம்_ரேக்

இதைப் படித்தபின் எனக்கு இரவு உணவு இறங்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் கடையில் மாதம் ஐம்பது ட்ரெயின் வாஷர் போகிறது. இரண்டு ரூபாய்ப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் மாற்ற வரும் மெக்கானிக், வாஷர் இல்லை என்று சொன்னால் ஆயிலையும் வாங்காமல் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மாதம் ஐம்பது போகும் ஒரு பொருளை மெதுவாக ஓடும் கூட்டத்தில் தள்ளிவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்பவர் எந்தக் கடையில் உட்கார்ந்து இதைக் கற்றார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பேரேடு

ஐயா, நான் கடையில் உட்கார்ந்தவன் அல்லன். பிறர் கடைகளில் சரக்கு எண்ணிக் கொடுத்துப் பிழைப்பவன். அந்த 1,240 உருப்படிகளும் நான் எண்ணிய ஒரு கடையின் கணக்கு. ஓராண்டில் அங்கே விற்ற சரக்கின் கொள்முதல் மதிப்பு 84 லட்சம். மேலே உள்ள 130 உருப்படிகள் மட்டும் 67.2 லட்சம், அடுத்த 260 உருப்படிகள் 12.6 லட்சம், மிச்சமுள்ள 850 உருப்படிகளும் சேர்ந்து 4.2 லட்சம். ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் மாதம் அறுபது போகிறது, கொள்முதல் விலை 350 ரூபாய், ஆண்டுக்கு 2,52,000. உங்கள் வாஷரும் அங்கே மாதம் ஐம்பதுதான், ஆண்டுக்கு 1,200. இந்த இரண்டையும் ஒரே கவனத்தோடு எண்ண வேண்டும் என்பவர் தம் பையனின் நேரத்துக்கு விலையில்லை என்று நினைக்கிறார்.

முதல் கூட்டத்தை மாதம் ஒரு முறையும், இரண்டாவதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், கடைசியை ஆண்டுக்கு ஒரு முறையும் எண்ணினால், 1,560 கூட்டல் 1,040 கூட்டல் 850, ஆக 3,450 எண்ணிக்கை. முந்நூறு வேலை நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வரும். கடை திறந்து முதல் வாடிக்கையாளர் வருமுன் முடிந்துவிடும். எல்லாவற்றையும் மாதந்தோறும் எண்ணினால் நாளுக்கு ஐம்பது. எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாலாம்_ரேக்

நான் கேட்டது வாஷரைப் பற்றி. நீங்கள் கூட்டல் கணக்குக் காட்டுகிறீர்கள். வாஷர் தீர்ந்துவிட்டால் உங்கள் 2,52,000 ரூபாய் ஆயிலும் அதோடு போகிறதே, அந்த மதிப்பை வாஷரின் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை?

லாபக்கணக்கு

இருவரும் தவறான பத்தியைப் பார்க்கிறீர்கள். விற்பனை மதிப்பை வைத்து வரிசைப்படுத்துவதே பிழை. லாபத்தை வைத்தே வரிசைப்படுத்த வேண்டும். இரண்டு ரூபாய் வாஷரை ஐந்து ரூபாய்க்கு விற்கிறோம். முதலைவிட ஒன்றரை மடங்கு லாபம். ஆயிலில் அப்படிக் கிடைக்குமா?

பேரேடு

நண்பரே, விகிதத்தைக் கொண்டுபோய் வங்கியில் கட்ட முடியாது. வாஷருக்கு மூன்று ரூபாய் வீதம் 600 வாஷருக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய். ஆயிலுக்கு லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய் என்று வைத்தாலும் 18,000. லாபத்தின்படி வரிசைப்படுத்தினாலும் வாஷர் கொஞ்சம் மேலே ஏறுமே தவிர, ஆயிலின் பக்கத்தில் வந்து நிற்காது. எந்தப் பொருளை முன்னால் அடுக்குவது, எதைத் தள்ளுபடியில் தருவது என்று முடிவு செய்ய லாபவரிசை உதவும். பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கும்போது கொள்முதல் விலைதான் பேசும்.

நாலாம்_ரேக் அவர்களுக்கு: வாஷரைக் கவனிக்காதே என்று நான் எங்கும் எழுதவில்லை. மாதந்தோறும் எண்ணாதே என்றுதான் எழுதினேன். நூறு வாஷர் உள்ள ஒரு பொட்டலம் 200 ரூபாய். மூன்று பொட்டலம் வாங்கினால் ஆறு மாதத்துக்குப் போதும். முடங்கும் பணம் 600 ரூபாய், இரண்டு லிட்டர் ஆயிலின் விலைகூட இல்லை. மூன்றாவது பொட்டலத்தை ரேக்கின் பின்புறம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். டேப்பை வெட்டும் அன்று ஆர்டர் எழுதுங்கள். எண்ணாவிட்டாலும் வாஷர் தீராது. ஆயிலை அப்படி ஆறு மாதத்துக்கு வாங்க முடியுமா? அது ஒன்றேகால் லட்ச ரூபாய் முடக்கம். ஆகவே அதைக் குறைவாக வைத்து அடிக்கடி பார்க்கிறோம்: நாளுக்கு இரண்டு லிட்டர், சரக்கு வர நான்கு நாள், எட்டு லிட்டரோடு தாமதத்துக்கென்று ஆறு, பதினான்கு லிட்டருக்கு வந்ததும் ஆர்டர். அந்தப் பதினான்கு சரியாக இருக்க வேண்டுமானால் கணினியில் உள்ள இருப்பும் ரேக்கில் உள்ள இருப்பும் ஒத்துப்போக வேண்டும். எண்ணுவது அதற்காகத்தான்.

நாலாம்_ரேக்

டேப் ஒட்டிய பொட்டலத்தைக் கடைப்பையன் பிரித்துவிட்டுச் சொல்ல மறந்தால்? போன ஆடி மாதம் என் கடையில் இதேதான் நடந்தது. பொட்டலத்தைப் பிரித்து முன்டப்பாவில் கொட்டிவிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டான். எனக்குத் தெரிந்தது டப்பாவின் அடி தெரிந்த அன்றுதான். மாதம் ஒரு முறை எண்ணியிருந்தால் பிடிபட்டிருக்கும். போன ஆண்டு மார்ச் கணக்கு முடிப்பு இழையிலும் நான் இதையே கேட்டேன். அப்போதும் நீங்கள் பதில் சொல்லாமல் நழுவினீர்கள்.

பேரேடு

மார்ச் இழையில் நான் நழுவவில்லை; இழை பூட்டப்பட்டது. பையன் மறப்பான் என்பது உண்மை. பொட்டலத்துக்குள் ஓர் ஆர்டர் சீட்டைப் போட்டு ஒட்டுங்கள். பிரிப்பவன் கையில் சீட்டு வரும், அது கல்லாவுக்கு வர வேண்டும். இது தோற்றால் எண்ணும் முறையைக் குறை சொல்லாதீர்கள்.

புதுக்கடை

அண்ணா, நான் எட்டு மாதம் முன்புதான் கடை திறந்தேன். எக்செல்லில் இதை எப்படிப் பிரிப்பது? என் பட்டியலிலும் 1,240 வரிசை இல்லை, 400தான் இருக்கிறது.

பேரேடு

தம்பி, D பத்தியில் விற்ற எண்ணிக்கையைக் கொள்முதல் விலையால் பெருக்கிய தொகையை வைத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். E2 கட்டத்தில் கீழுள்ளதை இட்டுக் கீழே இழுங்கள். 1241 என்ற இடத்தில் உங்கள் கடைசி வரிசை எண்ணை எழுதுங்கள்.

```
=SUM($D$2:D2)/SUM($D$2:$D$1241)
```

0.80 வரை முதல் கூட்டம், 0.95 வரை இரண்டாவது, மீதி மூன்றாவது. ஆனால் சூத்திரம் போடுமுன் பட்டியலைக் கழுவுங்கள். நான் சொன்ன கடையில் ஒரே பிரேக் ஷூ மூன்று பெயரில் பதிவாகியிருந்தது. ஒன்றில் 14,000, மற்றொன்றில் 11,500, இன்னொன்றில் 9,000. அந்தக் கடையில் முதல் கூட்டத்தின் எல்லை 18,000. மூன்றும் தனித்தனியாக இரண்டாம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தன. சேர்த்தால் 34,500, முதல் கூட்டம்.

இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. டிஸ்க் பேட் ஒன்று ஆண்டுக்கு 9,600 ரூபாய்க்கே விற்றிருந்ததால் கீழே கிடந்தது. விசாரித்தால், மொத்த வியாபாரியிடம் சரக்கு இல்லாமல் ஒன்பது மாதம் ரேக் காலி. கையிருப்பு இருந்த மூன்று மாதத்தில் மாதம் 3,200 ரூபாய்க்குப் போயிருக்கிறது, ஆண்டுக்கு 38,400. சரக்கு இல்லாததால் விற்கவில்லை, விற்காததால் கவனிக்கவில்லை, கவனிக்காததால் மறுபடி சரக்கு இல்லை. விற்ற மாதங்களின் எண்ணிக்கைக்கு ஒரு தனிப் பத்தி வைத்தால் இது கண்ணில் படும். உங்கள் கடைக்கு எட்டு மாதமே ஆகியிருப்பதால் எல்லாப் பொருளிலும் இந்தச் சந்தேகம் இருக்கட்டும்.

லாபக்கணக்கு

ஆக, விற்பனை மதிப்பு ஏமாற்றும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பேரேடு

பதிவு ஏமாற்றும் என்றேன்.

மாத்திரைப்பெட்டி

எனக்கு மருந்துக்கடை. குளிர்பெட்டியில் இன்சுலின் இருக்கிறது, மதிப்பில் மேலே வரும். ஆனால் காலாவதி நெருங்கும் சிரப் புட்டிகள் எல்லாம் மதிப்பில் கீழே கிடக்கின்றன. இவற்றை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் பாதி தேதி தாண்டியிருக்கும். உங்கள் முறை எங்களுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

நாலாம்_ரேக்

பாருங்கள், மருந்துக்கடைக்காரரும் என் பக்கம்தான்.

மாத்திரைப்பெட்டி

நான் யார் பக்கமும் இல்லை ஐயா. வாஷருக்குக் காலாவதித் தேதி இல்லை. நான் சொன்னது தேதியைப் பற்றி.

பேரேடு

மருந்துக்கடையில் தேதி பார்ப்பதும் எண்ணிக்கை பார்ப்பதும் இரண்டு தனி வேலைகள். தேதிக்கு வேறு பட்டியல் வேண்டும். அதுபோல மதிப்பில் மேலே உள்ளவை எல்லாம் வேகமாக ஓடும் என்றும் எண்ண வேண்டாம். நான் சொன்ன கடையில் கிராங்க் ஒன்று 3,200 ரூபாய், மாதம் ஒன்றுதான் போகிறது, ஆண்டுக்கு 38,400. டிஸ்க் பேடுக்கு வர வேண்டிய தொகையும் அதே 38,400தான், ஆனால் அது மாதம் இருபது போகும். இரண்டையும் மாதந்தோறும் எண்ணுவேன். பேடுக்கு ஆர்டர் அளவு வைப்பேன், கிராங்கில் ஒன்றை மட்டும் வைத்து, அது போனபின் அடுத்ததை வாங்குவேன். மெதுவாக ஓடுகிறதா, வேகமாக ஓடுகிறதா என்பதை மதிப்பு மட்டும் சொல்லிவிடாது என்பதை நாலாம்_ரேக் ஐயா சரியாகவே தொட்டார், ஆனால் தவறான பொருளைப் பிடித்துக்கொண்டு.

நாலாம்_ரேக்

சரியாகத் தொட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் தவறு என்பது உங்களுக்கு மட்டுமே கைவரும் கலை. மாதம் ஐம்பது போவது வேகமா, மாதம் ஒன்று போவது வேகமா? பள்ளிப்பிள்ளையைக் கேளுங்கள். கிராங்கை மாதந்தோறும் எண்ணுவாராம்! ஒன்றே ஒன்று இருக்கிறது, எண்ணுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

பேரேடு

ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை என்று நான் இரண்டு கடைகளில் கண்டிருக்கிறேன். எடுத்துப்போன மெக்கானிக், பொருந்தாவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்; பில்லும் இல்லை, கிராங்கும் இல்லை. மூன்று வாரத்துக்குள் கேட்டால் கிடைக்கும். ஆண்டு முடிவில் கேட்டால் யார் எடுத்தார் என்பதே நினைவிருக்காது.

புதுக்கடை

அண்ணா, சூத்திரம் வேலை செய்தது. ஆனால் முதல் கூட்டத்தில் ஸ்பார்க் பிளக் வரவில்லை, மூன்றாவதில் வருகிறது. சின்னப் பொருள், பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பேரேடு

அதை மட்டும் கையால் முதல் கூட்டத்துக்கு ஏற்றிவிடுங்கள். திருட்டுக்கு ஆளாகும் பொருளுக்கு மதிப்பு வரிசை செல்லாது.

நாலாம்_ரேக்

பிளக்கைக் கையால் ஏற்றலாம், வாஷரை ஏற்றக்கூடாது! இந்த நீதி எனக்குப் புரியவில்லை.

பேரேடு

வாஷரை யாரும் திருடமாட்டார்கள் ஐயா. ஏற்றத்தான் வேண்டுமென்றால் உங்கள் கடை, ஏற்றுங்கள். போன மாதம் எண்ணினீர்களே, எத்தனை வித்தியாசம் வந்தது?

நாலாம்_ரேக்

கணக்கில் 41, கையில் 37.

லாபக்கணக்கு

எட்டு ரூபாய்.

நாலாம்_ரேக்

விற்பனை விலையில் இருபது ரூபாய். லாபக்கணக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு கொள்முதல் விலையில் பேசுகிறீர்கள்.