120 காட்டும் பழைய கேபிள்: வாசுவின் வாதமும் மற்றவர்களின் எரிச்சலும்

கொருக்குப்பேட்டை வாசு: 4கே படம் 120 ஹெர்ட்ஸில் ஓட விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும் என்பது வியாபாரிகள் கட்டிய கதை. பர்மா பஜாரில் வாங்கிய என் பழைய கேபிளிலேயே 120 வருகிறது. மறுப்பவர் மறுக்கட்டும்.

பெரம்பூர் கலைவாணி: மறுக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு அமைப்பில் `Output color format` என்ற வரியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் 120-ஐ மட்டும் பறைசாற்றுகிறீர்கள்.

வாசு: `YCbCr420` என்று இருக்கிறது. அதனால் என்ன? 120 வருகிறது.

கலைவாணி: அதனால்தான் வருகிறது. முழு நிறத்துடன் அந்தப் படத்தைப் பழைய முறையில் அனுப்ப நொடிக்குச் சுமார் 35.6 கிகாபிட் வேண்டும், எச்டிஎம்ஐ 2.0 வழியின் உச்சம் 18. `YCbCr420` செய்வதுபோல் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தகவல் என்று குறைத்தால் தேவை பாதியாகி 17.8-க்கு இறங்குகிறது, மயிரிழையில் நுழைந்துவிடுகிறது. கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளைச் சிறிய அளவில் திறந்து பாருங்கள், ஓரங்கள் கரைந்திருக்கும். திரைப்படத்தில் இது தெரியாது, எழுத்தில் தெரியும்.

தண்டையார்பேட்டை முருகன்: இத்தனை கணக்கு எதற்கு? உறையில் 2.1 என்று அச்சிட்ட கேபிளை வாங்கினால் முடிந்தது.

கலைவாணி: முடியாது. பதிப்பு எண் கருவிகளுக்கானது. கேபிளுக்குத் தரப்பெயர்தான் உண்டு. 48 கிகாபிட் தாங்குவதன் பெயர் `Ultra High Speed`. அதன் உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுவில்லை இருக்க வேண்டும். 2.1 என்று எவரும் அச்சடிக்கலாம்.

முருகன்: சவுண்ட்பார் விவாதத்திலும் இப்படித்தான் வாத்தியாரம்மாவாக வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

இராயபுரம் அந்தோணி: எனக்கும் இதே தொல்லைதான். மாடியில் உள்ள புரொஜெக்டருக்குப் பத்து மீட்டர் கேபிள் இழுத்தேன். நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் மின்னி, இரண்டு நொடி இருண்டு, படம் திரும்புகிறது.

கலைவாணி: அண்ணா, உங்களுடையது வேறு தொல்லை. அந்தப் புள்ளிகள் சமிக்ஞை தேய்வதன் அடையாளம். சாதாரணச் செம்புக் கேபிள் 48 கிகாபிட்டை அத்தனை தூரம் கொண்டுபோகாது. ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். அதில் எந்த முனை டிவிக்கு என்று குறித்திருப்பார்கள், மாற்றிச் செருகினால் படமே வராது.

வாசு: அண்ணன் கதை இருக்கட்டும். நண்பரிடம் ஒட்டுவில்லை உள்ள கேபிளை இரவல் வாங்கிச் செருகினேன்; அதே `YCbCr420`, அதே 120. இப்போது பதில் சொல்லுங்கள்.

கலைவாணி: உங்கள் கார்டு எது?

வாசு: என்விடியா 2070.

கலைவாணி: அதன் வாயிலே 2.0 தான், 2020-இல் வந்த 30 வரிசையில்தான் 2.1 வந்தது. குழாய் வாய் குறுகலாக இருக்கும்போது பெரிய ஓஸைச் செருகி என்ன பயன்? உங்கள் சோதனை கார்டைச் சோதித்தது, கேபிளை அல்ல.

வாசு: ஆக, புதிய கேபிள் தேவையில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். 120 வருகிறது.

கலைவாணி: உங்கள் கார்டுக்குத் தேவையில்லை என்றேன், ஐயா. முதல் பதிவில் ஊருக்கே தேவையில்லை என்று எழுதியவர் நீங்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்தீர்களா, இல்லையா?

முருகன்: 2.1 என்று அச்சிட்டதையே வாங்கியிருக்கலாம்.

வாசு: 120 வருகிறது.