டெல்டா செக் எச்சரிக்கை: எம்.சி.வி. ஒரே நாளில் 68-இலிருந்து 91. முடிவை வெளியிடலாமா?

நிர்மலா:
வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தவியல் பிரிவில் பணிபுரிகிறேன். பெண்கள் வார்டில் இருக்கும் ஒரு நோயாளிக்கு நேற்று ஹீமோகுளோபின் 8.1, எம்.சி.வி. 68, ஆர்.டி.டபிள்யூ. 19, பிளேட்லெட் 4.6 லட்சம் என்று இருந்தன. இன்று காலை வந்த மாதிரியில் ஹீமோகுளோபின் 12.6, எம்.சி.வி. 91, ஆர்.டி.டபிள்யூ. 13, பிளேட்லெட் 2.1 லட்சம் என்று வந்ததால், கணினி டெல்டா செக் எச்சரிக்கை காட்டி முடிவை நிறுத்தி வைத்துள்ளது. காலைக் கன்ட்ரோல்கள் சரியாக இருந்தன; குழாயில் உறைகட்டி இல்லை. வார்டிலிருந்து முடிவைக் கேட்டுத் தொடர்ந்து அழைக்கிறார்கள். அடுத்து எதைச் சரிபார்க்க வேண்டும்?

சரவணன்:
இரவில் ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதே குழாயை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதே எண்கள் வந்தால் தயங்காமல் வெளியிடலாம்.

நிர்மலா:
மீண்டும் ஓட்டினேன், அதே எண்கள்தான் வந்தன. ரத்தம் ஏற்றவில்லை என்று வார்டு செவிலியர் உறுதியாகச் சொல்கிறார்.

கலைவாணி:
எங்களிடமும் போன வாரம் இப்படித்தான் பொட்டாசியம் 4-இலிருந்து 8-க்குப் போய் எச்சரிக்கை வந்தது. ஈ.டி.டி.ஏ. குழாயிலிருந்த ரத்தத்தைச் சீரம் குழாயில் ஊற்றியிருந்தார்கள். கால்சியம் மிகவும் குறைந்திருந்ததை வைத்துக் கண்டுபிடித்தோம். உங்கள் நோயாளியின் கால்சியத்தையும் பாருங்கள்.

முருகேசன்:
கலைவாணி அம்மா சொல்வது நல்ல கவனிப்பு, ஆனால் இது வேறு வகைச் சிக்கல். அதே குழாயை மறுபடி ஓட்டினால் கருவி சரியாக அளக்கிறது என்றுதான் தெரியும்; குழாயில் இருப்பது யாருடைய ரத்தம் என்று தெரியாது. ரத்தம் ஏற்றியது என்ற விளக்கமும் இந்த எண்களுக்குப் பொருந்தாது. ஒரு யூனிட்டுக்கு ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் உயரும் என்பதால், இந்த அளவு ஏற நான்கைந்து யூனிட் தேவைப்படும். அப்படி ஏற்றினாலும் நோயாளியின் சிறிய அணுக்கள் எங்கும் போய்விடாது. புதிய அணுக்களோடு அவையும் கலந்திருப்பதால் ஆர்.டி.டபிள்யூ. 19-க்குக் குறைவதற்குப் பதில் பெரும்பாலும் இன்னும் கூடும், ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடுகள்கூடத் தெரியலாம். உங்களுக்கு ஒற்றை மேடுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதிரி மாறியிருந்தால், இவருடைய உண்மையான ரத்தம் வேறு யாருடைய பெயரிலோ ஓடியிருக்கும். அந்த நபருக்குப் பழைய முடிவு இல்லையென்றால் அங்கே எச்சரிக்கையே எழாது. ஆகவே, இந்தக் குழாயோடு வரவேற்பில் பதிவான மற்றக் குழாய்களின் முடிவுகளில், இவருடைய நேற்றைய எண்களை ஒத்தது இருக்கிறதா என்று தேடுங்கள்.

நிர்மலா:
ஐயா, ஒற்றை மேடுதான். நீங்கள் சொன்னபடி தேடியபோது, அடுத்த பதிவு எண்ணில், முதன்முறையாக வந்த ஒரு புறநோயாளி ஆணின் பெயரில் ஹீமோகுளோபின் 8.2, எம்.சி.வி. 68, ஆர்.டி.டபிள்யூ. 19, பிளேட்லெட் 4.5 லட்சம் என்று இருந்தது. எச்சரிக்கை ஏதும் இல்லாததால் அது வெளியாகும் வரிசையில் காத்திருந்தது. இரண்டையும் உடனே நிறுத்திவிட்டேன். மேற்பார்வையாளர் முன்னிலையில் பார்கோடு ஒட்டுத்தாளின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தபோது, ஆணின் பார்கோடுக்குக் கீழே வார்டு நோயாளியின் பெயர் கையெழுத்தில் இருந்தது. மற்றதில் நேர்மாறாக இருந்தது. வரவேற்பில் இருவருக்கும் சேர்த்து அச்சிட்டு எதிரெதிராக ஒட்டியிருக்கிறார்கள்.

சரவணன்:
அப்படியானால் கணினியில் பெயர்களை மாற்றிவிட்டு இரண்டையும் வெளியிடலாமே.

முருகேசன்:
கூடாது. கையெழுத்துப் பெயரும் எண்களும் ஒத்துப்போவது வலுவான சான்றுதான்; ஆனால் ஆணுக்குப் பழைய முடிவே இல்லாததால், அவருடைய பக்கத்தைச் சரிபார்க்க நம்மிடம் எண்கள் எதுவும் இல்லை. ஊசி குத்தி எடுக்கக்கூடிய மாதிரி என்பதால் இருவரிடமும் மறுபடி எடுப்பதே முறை. முதுகுத்தண்டு நீர் போல மறுபடி எடுக்க அரிதான மாதிரியாக இருந்தால் மட்டும் மருத்துவரோடு பேசி வேறு முடிவெடுக்கலாம். அதே வேளையில் வந்த சீரம் குழாய்களையும் நிறுத்துங்கள்.

நிர்மலா:
வார்டு நோயாளியின் புதிய மாதிரியில் ஹீமோகுளோபின் 8.0, எம்.சி.வி. 69 என்று வந்தது; எச்சரிக்கை எழவில்லை, முடிவை வெளியிட்டுவிட்டோம். புறநோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்திருக்கிறோம், நாளை வருவதாகச் சொன்னார். சீரம் குழாய்களில் கையெழுத்து அழிந்திருக்கிறது. கிரியேட்டினின் ஒருவருக்கு 0.8, மற்றவருக்கு 0.9 என்பதால் எண்களை வைத்தும் பிரிக்க முடியவில்லை.

கலைவாணி:
அப்படியானால் சீரத்தையும் நாளையே மறுபடி எடுத்துவிடுங்கள். எங்கள் கணினியில் எம்.சி.வி.க்கு டெல்டா வரம்பே வைக்கவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தேன். ஹீமோகுளோபினுக்கு மட்டும் இருக்கிறது. எத்தனை அலகு வேறுபாட்டுக்கு நீங்கள் வைத்திருக்கிறீர்கள்?

முருகேசன்:
நாங்கள் 5 வைத்திருக்கிறோம். முந்தைய முடிவு ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளிடமும், குளிர்பதனம் இல்லாமல் நெடுநேரம் கிடந்த குழாய்களிலும் வீண் எச்சரிக்கை வருகிறது. அதற்காக வரம்பைத் தளர்த்தலாமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.