பொருள்: பேண்ட்டின் ‘போன் பாக்கெட்’டுக்குத் தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அன்புள்ள குழுவினர்க்கு, தையல் மாணவர்களுக்கான செய்முறை ஏட்டை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். பேண்ட்டின் பின்பக்கத் துணியை வெட்டித் திறந்து, வாயின் இரு ஓரமும் மெல்லிய பட்டை வைத்துத் தைக்கும் பாக்கெட்டைக் கடைகளில் ‘போன் பாக்கெட்’ என்கிறார்கள். ‘போன்’ என்றால் ஆங்கிலத்தில் எலும்பு; அதற்காக ‘எலும்புப் பை’ என்று எழுத மனம் வரவில்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
யவனர் அணிந்த சட்டையை முல்லைப்பாட்டு ‘மெய்ப்பை’ என்கிறது. சட்டையையே பையாகக் கண்ட மொழிக்குப் பாக்கெட் எதற்கு? இரு பட்டைகளும் மூடிய வாயின் இதழ்கள்போல் நிற்கின்றன. ‘இதழ்ப்பை’ என்க.

தையல் பயிற்றுநர், ஈரோடு:
ஐயா, பாக்கெட்டின் பெயர் தெரியாமல் எந்த மாணவரும் தடுமாறுவதில்லை. வாயின் இரு முனையிலும் வெட்டும்போது வரும் சின்ன முக்கோணத்துக்குத்தான் பெயர் வேண்டும். எல்லாம் கெடுவது அங்கேதான்.

ஏற்றுமதி ஆடை மேற்பார்வையாளர், திருப்பூர்:
மூலை சுருங்குகிறதென்றால் துணியின் பின்னால் பியூசிங் என்கிற ஒட்டுத்துணியை ஒட்டவில்லை என்று அர்த்தம். சொல் எதுவானாலும் சரி.

தையல் பயிற்றுநர்:
பாதிதான் சரி. பியூசிங் வாயைத் தாண்டி இருபுறமும் ஓர் அங்குலம் ஓட வேண்டும். அது மூலையில் நூல் பிரியாமல் காக்கும். சுருக்கம் வருவது வெட்டு தையல் முனைக்குப் போய்ச் சேராததால். நடுவில் நேராக வெட்டி, முனைக்கு அரை அங்குலம் முன்னே நின்று, இரு தையலின் கடைசிக் குத்துக்கும் சாய்வாக வெட்டணும். ஒரு நூல் இழை மிச்சம் வைத்து நிறுத்தணும். நாலைந்து இழை விட்டால் மூலை இழுத்துச் சுருங்கும். தையலைத் தாண்டினால் ஓட்டை.

போன வாரம் ஒரு மாணவியின் பாக்கெட்டில் வலது முனை மட்டும் சாய்ந்து நின்றது. உள்பக்கம் திருப்பினால், மேல்தையல் கீழ்தையலைவிட ஒரு குத்து நீளம். வெட்டு சரியாகவே இருந்தது. அந்த ஒரு குத்தைப் பிரித்து, முக்கோணத்தை உள்ளே தள்ளி, பட்டை நுனிகளோடு சேர்த்து அதன் அடியில் நேராகத் தைத்ததும் முனை நிமிர்ந்தது. முனை நெருங்கும்போது தையலைப் பொடியாக்கினால் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்துவது சுலபம்.

வாசகர், யாழ்ப்பாணம்:
என்ர காற்சட்டையில பக்கப் பொக்கற் வாய் விரிஞ்சு நிக்குது. அதுக்கும் இந்த முக்கோணம் வருமோ?

தையல் பயிற்றுநர்:
வராதுங்க. அது பக்கத் தையலிலேயே திறக்கிற வாய், வெட்டுவதே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் பாக்கெட்டுக்குப் ‘பட்டைவாய்ப் பை’, முக்கோணத்துக்கு ‘மூலைநாக்கு’ என்று எழுதட்டுமா? ‘போன் பாக்கெட்’டை முதல் பக்கத்தில் ஒருமுறை சேர்க்கிறேன்.

மேற்பார்வையாளர்:
மூலைநாக்கு நன்று. பட்டைவாய் கடையில் ஓடாது.

தமிழாசிரியர்:
நாக்கு இருக்குமானால் இதழும் இருக்க வேண்டும். என் மறுப்பைப் பதிவு செய்க.