மோல்மேன் பக்கம் கார் உள்ளவர்கள் உடனே உதவவும்

உறவுகளே, என் தங்கைக்கு நாள் தள்ளி ஏழு வாரம். வீட்டில் செய்த சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது, ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. காலையிலிருந்து லேசாக ரத்தம் படுகிறது, வலப்பக்க அடிவயிற்றில் குத்துவலி. பேடில் உள்ளங்கை அளவுதான் கறை. அதனால் அம்மா, "படுத்தால் சரியாகிவிடும்" என்றார்.

ஆனால் அரை மணி நேரமாகத் தோள் நுனியில் வலி என்கிறாள். எழுந்தால் தலை சுற்றுகிறது, நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. எங்கள் தெரு நர்ஸ் அக்கா பார்த்ததும் பதறிவிட்டார். கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கலாமாம். அப்படியானால் ரத்தம் வெளியே கொஞ்சமாகவும் வயிற்றுக்குள் நிறையவும் போகும். அந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோள் வலிக்கிறதாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் உள்ள இடத்துக்கே போக வேண்டும் என்கிறார்.

மோட்டார் சைக்கிளில் உட்கார வைக்க முடியாது, வழியில் மயங்கிவிடுவாள். மோல்மேன் பெரிய மருத்துவமனைவரை கார் தர முடிந்தவர்கள் இப்போதே எழுதுங்கள். அவளுக்கு ஓ பாசிட்டிவ். அதே வகை ரத்தம் உள்ள இரண்டு பேர் நேராக அங்கே வந்துவிட்டால் பெரிய உதவி.