புதுப்பிப்பு: அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வது

"வீடியோ அழைப்பில் நான் ‘அம்மா’ என்கிறபோதே அவரும் பேசுகிறார், இருவர் குரலும் வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?" என்று இங்கே கேட்டிருந்தேன், சிலர் பதில் எழுதியிருந்தீர்கள்.

இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. நெட் வேகத்தைக் கூட்டச் சொன்னவர் சொன்னது பாதி சரி: படம் தெளிந்தது, குரல் வெட்டு அப்படியே இருந்தது. ஒலித்துறையில் இருப்பவர் சொன்னதுதான் காரணம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். என் குரல் அவருடைய மைக்கில் நுழைந்து எனக்கே திரும்பி வராமலிருக்க, போன் எதிரொலியை அடக்குகிறது. இருவரும் சேர்ந்து பேசினால் அம்மாவின் குரலும் அதோடு அடங்கிப்போகிறது. அவர் இயர்போன் மாட்டியதும் அந்த வெட்டு நின்றது.

குரல் தாமதம் மட்டும் போகவில்லை. அதனால் அழைப்பை எடுத்தவர்தான் முதலில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்குவார், அப்புறம்தான் நான் வாய் திறப்பேன். சிக்னல் மோசமானால் கேமராவை அணைத்துவிடுகிறோம். குரலுக்குக் கொஞ்சம் டேட்டாவே போதும்.

மகள் இரவு வேலை முடித்துக் கூப்பிடும்வரை விழித்திருப்பதைப் பதிலில் எழுதிய அக்காவுக்கு: நான் கேட்டது நேர வித்தியாசத்தைப் பற்றி இல்லை, ஆனால் எங்கள் வீட்டிலும் அம்மா தூக்கத்தை விட்டுத்தான் காத்திருக்கிறார்.

அப்பா இயர்போனைத் தொடவே மாட்டார். அவரோடு பேசும்போது பழைய கதைதான். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.