அட்டவணைச் சரிபார்ப்புக்கு ஒரு சொல்லா, இரு சொற்களா?

முதல் மடல்

நண்பர்களுக்கு வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளைத் தட்டச்சு செய்தபின், மாவட்ட எண்களைக் கூட்டி மாநில மொத்தத்தோடு ஒப்பிடுவதையும், ஆயிரத்துக்கு இத்தனை என அச்சிட்ட வீதங்களை மூல எண்களிலிருந்து மறுபடியும் கணக்கிடுவதையும் ஒரு கையேட்டில் விளக்க வேண்டியுள்ளது. முன்னதற்குக் ‘கூட்டுப் பொருத்தம்’, பின்னதற்கு ‘வீத மீள்கணிப்பு’ என்று வைத்திருக்கிறேன். ஏற்கத்தக்கவையா?

முதல் மறுமொழி

‘சரிபார்ப்பு’ என்ற ஒரே சொல் போதும். கூட்டல் பொருந்திவிட்டால் வீதம் பிழையாக வழியில்லை. மாநில வீதம் மாவட்ட வீதங்களின் சராசரிதானே? மேலும், ‘கணிப்பு’ என்றால் தேர்தல் கருத்துக்கணிப்புதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் மறுமொழி

‘கணிப்பு’ பற்றி ஐயா சொன்னது சரி. ‘மீள்கணக்கீடு’ என்று மாற்றலாம். சராசரி பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. 2011இல் இரண்டே மாவட்டங்கள் கொண்டிருந்த கோவாவை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் வடகோவாவில் ஆண்கள் 4,16,677, பெண்கள் 4,01,331. தென்கோவாவில் ஆண்கள் 3,22,463, பெண்கள் 3,18,074. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் முறையே 963, 986. இவற்றின் சராசரி 974.5. மாநில மொத்தப் பெண்களை (7,19,405) மொத்த ஆண்களால் (7,39,140) வகுத்தால் கிடைப்பதும், அச்சில் இருப்பதும் 973. வடகோவாவில் ஆண்கள் அதிகம் என்பதால் மாநில வீதம் அதன் பக்கம் சாய்கிறது.

இரு சோதனைகளும் பிடிக்கும் பிழைகள் வேறு என்பதால் இரு சொற்கள் வேண்டும் என்பேன். இரு மாவட்டங்களின் பெண்கள் எண்ணிக்கையும் வரிசை மாறி ஏறிவிட்டால் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும்; ஆனால் வடகோவாவின் வீதம் 763 என்று விழுந்து பிழையைக் காட்டிவிடும். மாறாக, 4,01,331 என்பதை 4,01,313 என்று அடித்துவிட்டால் வீதம் அதே 963தான், ஏனெனில் அது முழு எண்ணாக்கப்பட்டது. கூட்டலில்தான் 18 குறையும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினவா என்று முதலில் பாருங்கள்.

‘கூட்டுப் பொருத்தம்’ என்பதில் ‘கூட்டு’ இணைந்து செய்வதையும் குறிக்கும். ‘கூட்டுத்தொகைப் பொருத்தம்’ நீளமானாலும் குழப்பாது.

மூன்றாம் மறுமொழி

நான் மணிப்பூர் எண்களோடு மல்லாடுபவள். 2001 கணக்கெடுப்பில் சேனாபதி மாவட்டத்தின் மாவோ மாரம், பாவோமாட்டா, புருல் ஆகிய மூன்று உட்பிரிவுகளின் முடிவுகள் ரத்தாயின. அவற்றை விட்டுவிட்ட மாவட்ட எண்களை, அவற்றுக்கான மதிப்பீட்டைச் சேர்த்த மாநில மொத்தத்தோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாரும் ‘திருத்தி’விடக் கூடாது. அடிக்குறிப்பு சொல்லும் இத்தகைய பொருந்தாமைக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

முதல் மடல் எழுதியவர்

‘கூட்டுத்தொகைப் பொருத்தம்’, ‘வீத மீள்கணக்கீடு’ இரண்டையும் ஏற்கிறேன். அம்மா கேட்டதற்கு ‘அறிவித்த விடுபாடு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் விடுபட்டது எது, அறிவித்தது யார் என்ற கேள்விகள் எழுகின்றன. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அடிக்குறிப்பை வாசிக்காமல் எந்த எண்ணையும் மாற்றக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்கிறேன்.